ஆர்டர் செய்த பின் வீட்டு எண், பின்கோடு தவறு எனத் தெரிந்தால் என்ன செய்வது?

இணையத்தில் பொருள் வாங்கிப் பணமும் செலுத்திய பிறகுதான் முகவரியில் பிழை இருப்பது பலருக்கும் தெரியவருகிறது. பி-504 என்ற வீட்டு எண் பி-405 என்று பதிவாகியிருக்கலாம். அல்லது பின்கோட்டில் ஓர் இலக்கம் மாறியிருக்கலாம். இவ்விரண்டும் ஒரே அளவிலான பிழைகளாகத் தோன்றினாலும், திருத்தும் வழிகள் முற்றிலும் வேறானவை. வீட்டு எண் பார்சலின் கடைசிச் சில மீட்டர் பயணத்தை மட்டுமே தீர்மானிக்கிறது. பின்கோடோ அது எந்த ஊருக்கு, எந்த விநியோக மையத்துக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பின்கோடு என்ன சொல்கிறது?

1972 ஆகஸ்ட் 15-ம் தேதி அறிமுகமான பின்கோட்டில் ஆறு இலக்கங்கள் உள்ளன. முதல் இலக்கம் நாட்டின் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து அஞ்சல் பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் விநியோக அஞ்சல் நிலையத்தையும் குறிக்கின்றன. தனியார் கூரியர் நிறுவனங்களும் இந்த எண்ணை அடிப்படையாகக் கொண்டே பார்சல்களைப் பிரிக்கின்றன. உறையில் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் சரியாக இருந்தாலும், பிரிப்பு மையத்தில் முதலில் பார்க்கப்படுவது இந்த எண்தான்.

பெங்களூருவின் ஒயிட்ஃபீல்டு பகுதியை எடுத்துக்கொள்வோம். அதன் பின்கோடு 560066. கடைசி இலக்கம் மாறி 560060 என்று பதிவானால், பார்சல் நகரின் மறுமுனையில் உள்ள கெங்கேரி பகுதிக்குச் செல்லும். ஊர் ஒன்றுதான் என்பதால் அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட வாய்ப்புண்டு. ஆனால் 560 என்பதற்குப் பதிலாக 506 என்று தொடக்க இலக்கங்கள் இடம் மாறினால், அது தெலங்கானாவின் வாரங்கல் பகுதிக்குரிய எண்ணாகிவிடும். எனவே பிழையைக் கண்டவுடன், அது முதல் மூன்று இலக்கங்களில் உள்ளதா, கடைசி மூன்றில் உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

பார்சல் புறப்படும் முன்

இந்தக் கட்டத்தில் பலர் ஒரு தவறைச் செய்கின்றனர். செயலியில் உள்ள தங்கள் கணக்குப் பக்கத்துக்குச் சென்று, சேமித்து வைத்த முகவரியைத் திருத்திவிட்டு நிம்மதியடைகின்றனர். ஆர்டர் செய்த நொடியிலேயே முகவரியின் நகல் அந்த ஆர்டருடன் இணைந்துவிடுகிறது. கணக்கில் செய்யும் திருத்தம் அடுத்த ஆர்டருக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே செய்த ஆர்டரின் முகவரியை மாற்ற, அந்த ஆர்டரின் விவரப் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள முகவரி மாற்றும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். மாற்றிய பின் அதே பக்கத்தை மீண்டும் திறந்து, புதிய முகவரி பதிவாகியுள்ளதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

வீட்டு எண் திருத்தத்தைப் பெரும்பாலான தளங்கள் இக்கட்டத்தில் ஏற்றுக்கொள்கின்றன. பின்கோடு மாற்றத்தைப் பல தளங்கள் ஏற்பதில்லை. எந்தக் கிடங்கிலிருந்து பொருள் வர வேண்டும், எந்த நாளில் சேரும், கட்டணம் எவ்வளவு என்பவை எல்லாம் பின்கோட்டைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. மாநிலமே மாறினால் ரசீதும் சிக்கலாகும். ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு மத்திய, மாநில ஜிஎஸ்டியும், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பொருளுக்கு ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியும் விதிக்கப்படுவதே காரணம். ஆகவே பின்கோடு தவறு என்று தெரிந்தால், புறப்படும் முன்பே ஆர்டரை ரத்து செய்துவிட்டுச் சரியான முகவரியுடன் மீண்டும் ஆர்டர் செய்வதே பெரும்பாலும் பாதுகாப்பான வழி. சலுகை விலையில் வாங்கிய பொருளாக இருந்தால், ரத்து செய்யும் முன் அதே விலை இன்னும் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்சல் புறப்பட்ட பின்

பொருள் கட்டப்பட்டு, முகவரிச் சீட்டு ஒட்டப்பட்ட பிறகு விற்பனைத் தளத்தில் செய்யும் மாற்றம் அந்தச் சீட்டை மாற்றாது. இனி பேச வேண்டியது கூரியர் நிறுவனத்துடன். அதற்கு ஆர்டர் எண் உதவாது. பார்சலைப் பின்தொடர்வதற்கான கண்காணிப்பு எண் தேவை.

வீட்டு எண் மட்டும் தவறு என்றால் கவலைப்பட வேண்டியதில்லை. பார்சல் சரியான விநியோக மையத்துக்கே வந்து சேரும். கூரியரின் இணையப் பக்கத்தில் விநியோகக் குறிப்பாகச் சரியான எண்ணைப் பதிவு செய்யலாம். விநியோக நாளன்று ஊழியரிடம் தொலைபேசியில் சொல்லலாம். குடியிருப்பின் வாயிற்காவலரிடமும், தவறாகக் குறிப்பிட்ட வீட்டில் வசிப்பவரிடமும் முன்கூட்டியே தெரிவித்து வைப்பது பயன் தரும். ஓடிபி கேட்கப்படும் பார்சல் என்றால், அது கைக்கு வரும் முன் தொலைபேசியில் அந்த எண்ணைச் சொல்லிவிடக் கூடாது. சொன்னவுடன் பார்சல் ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவாகிவிடும். பின்னர் அது தவறான வீட்டில் இருந்தால் வரவில்லை என்று நிரூபிப்பது கடினம்.

பின்கோடு தவறாக இருந்தால் வழிகள் குறைவு. ஒயிட்ஃபீல்டு, கெங்கேரி போல ஒரே நகருக்குள் என்றால், விநியோக மையம் பார்சலைச் சரியான மையத்துக்கு மாற்றி அனுப்பலாம். சில நாள் தாமதம் ஏற்படும். வேறு மாநிலத்துக்குச் சென்றுவிட்டால், பெரும்பாலும் அது விற்பனையாளருக்கே திரும்பும். செயலியில் ரத்து செய்யும் வசதி இன்னும் இருந்தால் உடனே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால், விநியோகம் நடைபெறாமல் பார்சல் திரும்பும் வரை காத்திருந்து, பணம் திரும்பப் பெற வேண்டியதுதான். வாடிக்கையாளர் சேவை மையத்துடன் பேசியதற்கான புகார் எண்ணைக் குறித்து வைத்திருப்பது அப்போது உதவும்.

பார்சல் திரும்பிய பின்னரும் பணம் வரவில்லை என்றால் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் அளிக்கலாம். 2020-ம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அங்கும் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

போலிக் குறுஞ்செய்திகள்

முகவரியில் பிழை செய்த நினைவில் இருப்பவரை மோசடிக்காரர்கள் எளிதில் ஏமாற்றிவிடுகின்றனர். "உங்கள் முகவரி முழுமையாக இல்லை, இந்த இணைப்பில் திருத்தவும்" என்று அஞ்சல் துறையின் பெயரில் வரும் குறுஞ்செய்திகள் போலியானவை என மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் எச்சரித்துள்ளது. இத்தகைய இணைப்புகள் சிறு தொகை கேட்டு, வங்கி அட்டை விவரங்களைப் பறிக்கின்றன. எனவே குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், ஆர்டர் செய்த செயலியைத் திறந்து அதன் வழியாகவே திருத்தம் செய்ய வேண்டும். பணம் பறிபோயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-ல் உடனடியாகப் புகார் அளிக்க வேண்டும்.