டாலரில் பில், ரூபாயில் கணக்கு

திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவர் மார்ச் மாதம் 10,000 டாலருக்கு பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய மதிப்பு டாலருக்கு 83 ரூபாய். விற்பனைக் கணக்கில் 8,30,000 ரூபாய் ஏறுகிறது. பணம் ஏப்ரலில்தான் வருகிறது. அன்று டாலர் 83.50. கையில் கிடைப்பது 8,35,000.

கூடுதலாக வந்த 5,000 ரூபாயை விற்பனையில் சேர்த்துவிடுவது பலர் செய்யும் தவறு. பனியனுக்கு விலை கூடவில்லை, டாலருக்குத்தான் கூடியது. எனவே அது ‘அந்நியச் செலாவணி லாபம்’ என்று தனித் தலைப்பில் போக வேண்டும்.

இடையில் மார்ச் 31 வருவதுதான் பலரைக் குழப்பும் இடம். வராத பாக்கியை அன்றைய மதிப்பில் திரும்பக் கணக்கிட வேண்டும். அன்று டாலர் 84 என்றால் பாக்கி 8,40,000. அந்த ஆண்டுக்கு 10,000 லாபம். ஏப்ரலில் 8,35,000 வரும்போது புதிய ஆண்டில் 5,000 நஷ்டம். இரண்டையும் சேர்த்தால் அதே 5,000 லாபம்தான். ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் ஆண்டில் நிற்கிறது.

வங்கி பிடித்த கட்டணத்தை இதில் கலக்காதீர்கள், அது தனிச் செலவு.

வாடிக்கையாளரின் கணக்கைத் திறந்து பாருங்கள். டாலர் பாக்கி பூஜ்யமாக இருந்தும் ரூபாயில் ஏதாவது மிச்சம் நின்றால், இந்த வித்தியாசம் இன்னும் எழுதப்படவில்லை.