கடைசி 5 குப்பிகளும் ஒரு சிவப்பு அட்டையும்

சின்ன பல் கிளினிக்குகளின் அலமாரியைத் திறந்தால் அடிக்கடி காணும் காட்சி இது: மேல் தட்டில் கையுறைப் பெட்டி காலி, கீழ்த் தட்டில் தேதி கடந்துபோன மருந்துகள் பிரிக்கப்படாமல் கிடக்கும். தட்டுப்பாடும் காலாவதியும் வேறு வேறு பிரச்சினைகள் என்று நினைக்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எந்தப் பொருள் எத்தனை நாளில் தீர்கிறது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. டாக்டருக்கு ஞாபகம் வந்தபோது, அல்லது விற்பனைப் பிரதிநிதி வந்து நின்றபோது ஆர்டர் போயிருக்கிறது.

கணக்கு கடினமானதல்ல. ஒரே ஒரு பொருளை வைத்துச் செய்து பார்க்கலாம். பல் பிடுங்கும் முன்பும் வேர் சிகிச்சைக்கு முன்பும் ஈறு மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்த மருந்து. நம் ஊர்களில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெய்ன், 30 மில்லி குப்பியில் வரும். இது இல்லையென்றால் அன்றைய வேலையில் பாதி நின்றுவிடும்.

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு நாற்காலி போட்ட கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 6 நாள் வேலை. ஒரு நாளைக்குச் சராசரியாக 6 பேருக்கு ஊசி, ஆளுக்கு ஏறக்குறைய 2 மில்லி. நாளைக்கு 12 மில்லி, வாரத்துக்கு 72 மில்லி. இரண்டரைக் குப்பிக்குச் சற்றுக் குறைவு. சிரிஞ்சில் தங்குவது, குப்பியின் அடியில் எடுக்க வராமல் நிற்பது எல்லாம் சேர்த்து வாரம் 3 குப்பி என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் எல்லா வாரமும் சராசரி வாரம் ஆகாது. பள்ளி விடுமுறையில் கூட்டம் கூடும். அப்படிப்பட்ட வாரத்தில் 5 குப்பி வரை போகும்.

அடுத்தது, சரக்கு வந்துசேரும் நாட்கள். மதுரை டீலரிடம் சொன்னால் வழக்கமாக மூன்றே நாளில் பார்சல் வரும். அவரிடமே இருப்பு இல்லாமல் போனாலோ, மழையில் லாரி தாமதமானாலோ ஒரு வாரம் ஆகும். ஆக, மிக மோசமான நிலையில் கூட்டமான வாரமும் தாமதமான பார்சலும் ஒன்றாக வரும். அந்த வாரத்தைக் கடக்க 5 குப்பி வேண்டும். எனவே கையிருப்பு 5 ஆகும் அன்றே ஆர்டர் போக வேண்டும். ஒரு தடவைக்கு நான்கு வாரத்துக்கான 12 குப்பி வாங்கினால் போதும். தீபாவளி, பொங்கலை ஒட்டிப் பார்சல் வர இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால், அந்த மாதங்களில் மட்டும் 5 என்பதை 8 ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த எண் டாக்டரின் தலைக்குள் இருந்தால் பயனில்லை. கடைசி 5 குப்பிகளை ஒரு ரப்பர் பேண்டில் கட்டி, நடுவே ஒரு சிவப்பு அட்டையைச் செருகி, அலமாரியின் பின்னால் வைக்க வேண்டும். அட்டையில் பொருளின் பெயர், வாங்க வேண்டிய எண்ணிக்கை, டீலரின் போன் நம்பர். கட்டைப் பிரிப்பவர் யாராக இருந்தாலும் அட்டையை வரவேற்பு மேசையில் இருக்கும் தட்டில் போட்டுவிட வேண்டும். “மேடம், மருந்து தீரப்போகுது” என்று உதவியாளர் ஞாபகமாக வந்து சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மாலையில் தட்டைப் பார்த்து ஒருவர் ஆர்டர் போடுவார். அந்த ஒருவர் யார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு ஆர்டர் போகும், அல்லது ஒன்றுமே போகாது. கையுறை, ஊசி, எச்சில் உறிஞ்சும் குழாய், ஆட்டோகிளேவ் உறை ஆகியவற்றுக்கும் இதே முறைதான். எண்கள் மட்டும் மாறும்.

மெல்ல நகரும் பொருட்களுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட்டைப் பாருங்கள். பல சாயல்கள் சேர்ந்த பெட்டியாக வாங்கினால் மலிவு போலத் தெரியும். ஆனால் நம் ஊரில் ஏ2, ஏ3 சாயல்கள்தான் மளமளவென்று தீரும். மற்றவை வருடத்தில் சில தடவை வெளியே வந்தால் அதிகம். ஏ2 தீர்ந்ததும் இன்னொரு பெட்டி வாங்குவார்கள். தொடாத சாயல்கள் இரட்டிப்பாகும். அதிகம் போகும் சாயலைத் தனித்தனி சிரிஞ்சாக வாங்குவதும், அபூர்வமானதில் ஒன்றே ஒன்று வைத்து, அது பாதி ஆனபின் அடுத்ததைச் சொல்வதும்தான் சரி.

‘10 வாங்கினால் 2 இலவசம்’ என்ற சலுகையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். காம்போசிட்டைப் பல்லோடு ஒட்டவைக்கும் பாண்டிங் திரவம் இந்தக் கிளினிக்கில் இரண்டு மாதத்துக்கு ஒரு பாட்டில் ஆகிறது. 12 பாட்டில் தீர 24 மாதம் வேண்டும். லேபிளில் மீதமிருப்பதோ 18 மாதம். அதற்குள் 9 பாட்டில்தான் தீரும். இலவசமாக வந்த இரண்டும், காசு கொடுத்து வாங்கியதில் ஒன்றும் வீண். பக்கத்துத் தெரு டாக்டரோடு சேர்ந்து வாங்கிப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் அதே சலுகை லாபமாகிவிடும்.

தேதியைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். மருந்து லேபிளில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம் என்பதே நம் நாட்டுச் சட்டப்படி பொருள். பல சாதனப் பொருட்களில் மணற்கடிகாரப் படத்தின் அருகே தேதி இருக்கும். வெளி அட்டைப்பெட்டியைத் தூக்கியெறியும் முன், உள்ளே இருப்பதில் தேதி தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மார்க்கரால் எழுதிவிட வேண்டும். புதுச் சரக்கு வந்ததும் முன்னால் அடுக்கிவிடுவது எல்லோருக்கும் பழக்கம். முன்னால் நிற்க வேண்டியது சீக்கிரம் காலாவதியாகும் பெட்டி. நேற்று வந்த பெட்டிக்கே தேதி முந்தியதாக இருக்கலாம் என்பதால், வந்த வரிசையை நம்ப முடியாது. பார்சலைப் பிரித்த அன்றே தேதியைப் பார்த்தால்தான் குறுகிய தேதிச் சரக்கைத் திருப்பியனுப்பப் பேசவும் முடியும்.

அச்சிட்ட தேதி, பிரிக்காத பொருளுக்கு, சொன்னபடி வைத்திருந்தால் மட்டுமே செல்லும். பல தடவை மருந்து எடுக்கும் குப்பியைத் திறந்த நாளை அதன்மேல் எழுத வேண்டும். தயாரிப்பாளர் வேறுவிதமாகச் சொல்லாதவரை 28 நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. அட்ரினலின் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் கெடும். மருந்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால், கலங்கியிருந்தால், தேதி எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதைத் தொடக் கூடாது. பாண்டிங் பாட்டிலை மூடாமல் விட்டால் அதிலுள்ள ஆல்கஹாலோ அசிட்டோனோ ஆவியாகித் திரவம் கெட்டிப்படும். அடைப்பு சில மாதங்களில் பெயர்ந்து வரும்போதுதான் தெரியும். அளவெடுக்கும் ஆல்ஜினேட் பொடி டப்பாவுக்குள் ஈரம் போனால் கட்டிதட்டி, அளவு சரியாக விழாது. எங்கள் பக்கத்து மே மாத வெயிலில், ஏசி அணைந்த இரவுகளில், அறைக்குள் 30 டிகிரிக்குமேல் போவது சாதாரணம். 25 டிகிரிக்குக் கீழ் என்று லேபிள் சொல்லும் பொருளை எங்கே வைப்பது என்பதை அந்த இரவுகளை நினைத்தே முடிவு செய்ய வேண்டும்.

மாதம் ஒரு தடவை அலமாரி முழுவதையும் பார்த்து, அடுத்த மூன்று மாதத்தில் தேதி முடிபவற்றை ஒரு தனிக் கூடையில் போட்டுவைத்தால், முதலில் கை அங்கே போகும். பிரிக்காமல் இருப்பவற்றை அப்போதே சொன்னால் மாற்றித் தரும் டீலர்களும் உண்டு. முடிந்தே போன மருந்துகளை அலமாரியில் ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. அவசரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள். 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி காலாவதி மருந்துகள் மஞ்சள் வகையைச் சேர்ந்தவை. மஞ்சள் பையில் தனியாகக் கட்டி, கழிவு எடுக்க வரும் வண்டியில் கொடுத்து, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எந்தப் பொருளை அடுத்த தடவை குறைத்து வாங்க வேண்டும் என்பதற்கு அந்தப் பதிவேட்டுப் பக்கம்தான் முதல் ஆதாரம்.