டாலர் பில்லும் ரூபாய் கணக்கும்

திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி மார்ச் 10 அன்று 10,000 டாலருக்கு பில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய டாலர் மதிப்பு 83 ரூபாய். கணக்கில் விற்பனை 8,30,000 ரூபாய். இந்தத் தொகை இனி மாறவே கூடாது.

மாறுவது வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய பாக்கிதான். மார்ச் 31 அன்று ஆண்டுக்கணக்கு முடிக்கும்போது டாலர் 83.40 என்றால், பாக்கியை 8,34,000 ஆக உயர்த்தி, கூடிய 4,000 ரூபாயை அந்த ஆண்டின் லாபத்தில் சேர்க்கவேண்டும். கைக்கு வராத பணத்துக்கு லாபமா என்று முதலாளி முறைப்பார்; இந்தியக் கணக்கியல் தரநிலை 11 அப்படித்தான் சொல்கிறது.

மே மாதம் பணம் வரும் நாளில் வங்கி 82.90 கொடுக்கிறது, வரவு 8,29,000. மார்ச் 31 மதிப்போடு ஒப்பிட்டால் 5,000 நஷ்டம். அது புதிய ஆண்டின் கணக்கு. இரண்டையும் சேர்த்தால் நிகர நஷ்டம் 1,000.

வங்கி பிடிக்கும் கமிஷனை இதோடு கலக்கக்கூடாது. அது தனிச் செலவு.

பலர் வித்தியாசத்தைப் பதியாமலே விட்டுவிடுகிறார்கள். கண்டுபிடிப்பது எளிது: வாடிக்கையாளரின் லெட்ஜரில் டாலர் பாக்கி பூஜ்யமாக இருக்கும், ரூபாயில் மட்டும் ஏதோ ஒரு தொகை தொங்கும். அதைச் சரிக்கட்ட பழைய பில்லைத் திருத்துவதுதான் பெரிய தப்பு. ஜிஎஸ்டி கணக்கில் காட்டிய விற்பனையோடு பிறகு ஒத்துப்போகாது.