செலான் இருக்கிறது, பணம் எங்கே?

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. இரண்டாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் வங்கி லீவு. திங்கள் காலை கேஷியர் பணப்பையோடு வண்டியில் கிளம்புகிறார். வங்கிக்கு இரண்டு தெரு முன்னால், பின்னால் வந்த பைக்கில் இருந்தவர்கள் பையைப் பிடுங்கிக்கொண்டு பறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 'மணி இன்சூரன்ஸ்' இருக்கிறது. ஆனால் பையில் எவ்வளவு இருந்தது என்பதை முதலில் நிரூபித்தாக வேண்டும்.

பையோடு செலானும் போய்விட்டது. நகல் கடையில் இருந்தாலும் அதில் வங்கி முத்திரை கிடையாது. கடைக்காரரே எழுதிய சீட்டு அது. அதனால் சர்வேயர் நேரே கேஷ் புக்கைத்தான் கேட்பார். வெள்ளி இரவு இருப்பு 18,000. சனி, ஞாயிறு ரொக்க விற்பனை 1,62,000, 1,95,000. செலவு 14,000 போக 3,61,000. சில்லறைக்காகக் கல்லாவில் வைத்தது 11,000. மீதி 3,50,000. செலான் நகலில் உள்ள 500, 200, 100 ரூபாய் நோட்டுக் கணக்கும் அதே தொகைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. முத்திரை விழுந்த பழைய செலான்களையும் அவர் புரட்டுவார். வழக்கமாக ஒரு லட்சம் கட்டும் கடை திடீரென்று மூன்றரை லட்சம் கொண்டுபோனதா என்று சந்தேகம் வரும். வங்கி லீவும் பில்களும் அதற்குப் பதில் சொல்லும்.

அடுத்த சிக்கல் போலீஸ் ஸ்டேஷனில். பதறிப்போன கேஷியர் "சுமார் நாலு லட்சம்" என்று எழுதிக்கொடுத்துவிட்டால், அந்த முரண்பாடு கடைசிவரை துரத்தும். கணக்கைச் சரிபார்த்தவுடன் சரியான தொகையைக் கூடுதல் புகாராக எழுதிக்கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்வதே வழி. தமிழ்நாட்டில் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. இன்சூரன்ஸ் கம்பெனி கேட்பது எஃப்.ஐ.ஆர்.; அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

எல்லாம் பொருந்தினாலும் முழுத்தொகை வரும் என்று சொல்ல முடியாது. ஒரு தடவையில் கொண்டுபோகும் பணத்துக்குப் பாலிசியில் உச்சவரம்பு உண்டு. அது 3 லட்சம் என்றால், மீதி 50,000 கடையின் நஷ்டம். தீபாவளி சீசனுக்கு முன்பே வரம்பைக் கூட்டிக்கொள்ளாத கடைகள் இங்கேதான் மாட்டுகின்றன. கேஷியர் டீ குடிக்க இறங்கி, பையை வண்டியிலேயே விட்டிருந்தால் பொதுவாக அதுவும் கிடைக்காது: ஆளில்லாத வண்டியிலிருந்து போன பணத்தைப் பாலிசிகள் ஏற்பதில்லை. கேஷியரே உடந்தை என்று தெரிந்தால், அது ஊழியர் கையாடலுக்கான தனிப் பாலிசியின் விஷயமாகிவிடக்கூடும்.

இழுபறி வருவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில். 'திருடர்கள் அகப்படவில்லை' என்ற போலீஸின் இறுதி அறிக்கை வரட்டும் என்று கம்பெனி கோப்பை நிறுத்திவைக்கலாம். அப்போது, பணம் பின்னால் மீட்கப்பட்டால் கம்பெனிக்கு உரிய பங்கைத் திருப்பித் தருவதாக உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, தொகையை விடுவிக்கும்படி கடைக்காரர் எழுத்தில் கேட்கலாம். எழுதியும் ஒரு மாதம் பதில் இல்லையென்றால், தனிநபர் உரிமையாளராக நடத்தும் கடைக்கு இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.