ஆய்வு உலகின் உள்வாசல் - 9: ஜானகி அம்மாளை எந்த எழுத்தில் தேடுவது?

கோவை வீரகேரளம் பகுதியில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-ல் தொடங்கப்பட்டது. இடத்தேர்வுக்குக் காரணம் கரும்பின் பூ. வட இந்தியக் கரும்பு வயல்களில் பூ ஒழுங்காக வருவதில்லை. கோவைத் தட்பவெப்பத்தில் வருகிறது. பூ வந்தால்தான் மகரந்தம், மகரந்தம் இருந்தால்தான் கலப்பு. 1934-ல் அந்த வயலுக்கு வந்து சேர்ந்தவர் தலச்சேரியில் பிறந்த தாவரவியலாளர் இ. கே. ஜானகி அம்மாள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் முனைவர் பட்டம் பெற்றவர்.

அவர் கரும்பைத் தாயாக வைத்து, மக்காச்சோள மகரந்தத்தைச் சேர்த்துப் பார்த்தார். வந்த செடி உண்மையிலேயே கலப்பினமா, கரும்பு தன் மகரந்தத்திலேயே காய்த்ததா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ண வேண்டும். தோட்டக் கரும்பில் 80, மக்காச்சோளத்தில் 20. குட்டிச் செடியின் எண்ணிக்கை தாயினுடையதிலிருந்து விலகி நின்றால்தான் தந்தையின் பங்கு இருக்கிறது என்று வாதாட இடமுண்டு. இதை அவர் 1938-ல் ‘நேச்சர்’ இதழில் சிறு குறிப்பாக எழுதினார். அதன் விரிந்த தொடர்ச்சி 1941-ல் ‘ஜர்னல் ஆஃப் ஜெனிட்டிக்ஸ்’ இதழில் நீண்ட கட்டுரையாக வந்தது.

போன வாரம் ஆய்விதழ்கள் கட்டுரையை ஏற்கும் முறையைப் பார்த்தோம். இந்த வாரம் அதற்கடுத்த கட்டம். அச்சான கட்டுரைகளையும் பேசிய உரைகளையும் ஓர் ஆய்வாளர் எப்படிப் பட்டியலிட வேண்டும், எந்தப் பிரதியைப் பிறருக்குக் கொடுக்கலாம்? இன்று கோவையில் ஆராய்ச்சி செய்யும் ஒருவருக்கு வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை ஜானகி அம்மாளின் பட்டியலிலேயே இருக்கின்றன.

முதல் சிக்கல் பெயர். எடவலெத், கக்கட் என்பவை அவருடைய குடும்பப் பெயர்கள், அவைதான் ‘இ. கே.’; ஜானகி என்பது அவர் பெயர். அம்மாள் என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. மேற்கோள் தரவுத்தளங்களுக்கு இது தெரியாது. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகவும் முன்னால் உள்ளதையெல்லாம் முதலெழுத்தாகவும் சுருக்குவது அவற்றின் பழக்கம். சில இடங்களில் ‘ஜானகி அம்மாள்’ முழுதுமே குடும்பப் பெயராக நிற்கும். எனவே ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார்:

```
Janaki Ammal EK
Janaki-Ammal EK
Ammal EKJ
```

முதல் இரண்டும் J வரிசையில் நிற்கும், மூன்றாவது A வரிசையில். மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-ல் அவர் வெளியிட்ட பயிர்களின் குரோமோசோம் அட்லஸ் பல பத்தாண்டுகளுக்கு உலகெங்கும் கையாளப்பட்ட நூல். அதற்கான மேற்கோள்களும் இப்படிப் பிரிந்து கிடக்கின்றன. ஒரு வடிவத்தில் மட்டும் தேடுபவருக்குக் கிடைப்பது அவருடைய பணியின் ஒரு துண்டுதான். அவருக்குப் பெயரை ஒருமுகப்படுத்தித் தர அன்று எந்த ஏற்பாடும் இல்லை.

இன்றைய நிலையைப் பார்ப்போம். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து கோவையில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணின் பெயர் செல்வி, அப்பா பெயர் பழனிசாமி என்று வைத்துக்கொள்வோம். ஆய்விதழின் படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது. அங்கே வெறும் P என்று போட்டால் மேற்கோளில் “P S” என்று வரும். அதை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. அப்பா பெயரை முழுதாகப் போட்டால் “Palanisamy S”. கொங்கு நாட்டில் பழனிசாமிகளுக்குப் பஞ்சமா? சண்முகம் பழனிசாமி, சரவணன் பழனிசாமி எல்லாரும் அதே வரியில் கலந்துவிடுவார்கள். திருமணத்துக்குப் பின் இனிஷியலும் மாறினால் பழைய கட்டுரைகள் வேறொருத்தியின் கணக்கில் போய்ச் சேரும்.

“ஏனுங்க, அதுக்காகப் பேரை மாத்திக்கணுமுங்களா?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வேண்டியதில்லை. முதல் கட்டுரை அனுப்பும்போதே ஒரு வடிவத்தை முடிவு செய்து, கடைசிவரை அதையே எழுத வேண்டும். “Selvi Palanisamy” என்றால் எப்போதும் அதுவே, ஒருமுறை “P. Selvi”, மறுமுறை “Selvi P” என்று எழுதினால்தான் குழப்பம். அடுத்தது ORCID எண். 2012 அக்டோபரில் தொடங்கிய இந்த ஏற்பாடு ஒவ்வொரு ஆய்வாளருக்கும் 16 இலக்க அடையாளம் ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறது. பெயரின் பிற வடிவங்களையும் அந்தப் பதிவிலேயே சேர்த்து வைக்கலாம். பெயர் மாறினாலும் நிறுவனம் மாறினாலும் எண் மாறாது.

எண் இருந்தால் மட்டும் போதாது. கட்டுரையை அனுப்பும் படிவத்தில் அதைக் கொடுத்தால்தான் இதழ் அதைக் கட்டுரையோடு இணைக்கும். பின்னால் கையால் சேர்க்கலாம்; ஆனால் அதைச் செய்ய மறந்த கட்டுரைகள்தான் பட்டியலில் காணாமல் போகின்றன. சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். உங்களுடையதல்லாத கட்டுரை உங்கள் கணக்கில் இருக்கலாம். உங்களுடையது வேறு கணக்கில் இருக்கலாம். இரண்டையும் தரவுத்தளத்தில் திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாவது சிக்கல் உரைகள். 1955-ல் பிரின்ஸ்டனில் மனிதன் பூமியின் முகத்தை மாற்றிய விதம் பற்றி ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. அதில் அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். இந்தியாவின் வாழ்வாதாரப் பொருளாதாரம் பற்றிய அவருடைய பங்களிப்பு, வில்லியம் தாமஸ் தொகுத்து 1956-ல் வந்த நூலில் ஒரு இயலாக அச்சானது. பட்டியலில் இதை எப்படி எழுதுவது? கருத்தரங்கு 1955 என்று ஒரு வரி, ‘உரைகள்’ பகுதியில். நூல் இயல் 1956 என்று ஒரு வரி, ‘வெளியீடுகள்’ பகுதியில். இரண்டையும் வெளியீடுகளில் போட்டால் ஒரே வேலையை இரண்டாகக் காட்டியதாகிவிடும். உரையை மட்டும் போட்டு இயலை விட்டுவிட்டால் மேற்கோள் காட்ட வருபவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது, ஏனென்றால் பேச்சை நூலகத்தில் தேடி எடுக்க முடியாது.

மூன்றாவது சிக்கல்தான் மிக நுட்பமானது: எந்தப் பிரதியைக் கொடுக்கலாம்? ஜானகி அம்மாளின் 1938 குறிப்பு ‘நேச்சர்’ இதழின் பழைய தொகுதிகளில் இருக்கிறது. அதை முழுதாகப் படிக்கச் சந்தாவோ கட்டணமோ வேண்டும். 1941 கட்டுரை வந்த ‘ஜர்னல் ஆஃப் ஜெனிட்டிக்ஸ்’ வேறு பாதையில் போனது. 1910-ல் பேட்சனும் பன்னெட்டும் தொடங்கிய அந்த இதழை மரபியலாளர் ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1985 முதல் இந்திய அறிவியல் அகாதமி அதை நடத்துகிறது. அகாதமி பழைய தொகுதிகளையும் திறந்து வைத்திருப்பதால் 1941 கட்டுரையை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். கோவை வயலிலிருந்து பிறந்த இரண்டு கட்டுரைகளில் ஒன்று பூட்டியும் ஒன்று திறந்தும் கிடக்கிறது. இதழைத் தேர்ந்தெடுத்த நாளில் அவர் இதை யோசித்திருக்கவே முடியாது.

பழையது என்பதால் பதிப்புரிமை தீர்ந்திருக்கும் என்று நினைப்பது தவறு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ஜானகி அம்மாள் 1984 பிப்ரவரியில் மறைந்தார். உரிமை அவருடையது என்று கொண்டால் அது 2044 இறுதிவரை ஓடும். உரிமையை இதழுக்கு எழுதிக் கொடுத்திருந்தாலோ, வேலை பார்த்த நிறுவனத்துக்கு அது சேர்ந்திருந்தாலோ கணக்கு வேறு.

இன்றைய ஆய்வாளருக்கு வழி இருக்கிறது, ஏனென்றால் ஒரு கட்டுரைக்கு மூன்று வடிவங்கள் உண்டு. இதழுக்கு அனுப்புமுன் எழுதிய முன்வடிவம் ஒன்று. நடுவர்கள் கேட்ட திருத்தங்களைச் செய்து இதழ் ஏற்றுக்கொண்ட கையெழுத்துப்படி இரண்டாவது. பக்க எண்ணும் இதழின் சின்னமும் போட்டுப் பதிப்பாளர் அமைத்த அச்சுவடிவம் மூன்றாவது. பதிப்பாளர்கள் பூட்டி வைப்பது பெரும்பாலும் மூன்றாவதைத்தான். இரண்டாவது வடிவத்தைப் பகிரப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன, சில மாதக் காத்திருப்போடு. ஸ்பிரிங்கர் நேச்சரின் சந்தா இதழ்கள் பலவற்றில் நிறுவனக் களஞ்சியத்தில் வைக்க 12 மாதம், ‘நேச்சர்’ பெயருள்ள இதழ்களில் 6 மாதம். ஒவ்வோர் இதழின் நிபந்தனையையும் ஷெர்பா ரோமியோ என்று நெடுங்காலம் அறியப்பட்ட தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கட்டுரை அச்சானதும் அந்த அழகான பிரதியை அப்படியே பகிர்ந்துவிடுகிறார்கள். ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியை யாரும் பாதுகாப்பதில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் அந்தக் கோப்பு பழைய மடிக்கணினியோடு போயிருக்கும். பகிர உரிமையுள்ள பிரதி கையில் இல்லை, கையில் உள்ள பிரதியைப் பகிர உரிமை இல்லை. ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே அந்தக் கோப்பைத் தேதி போட்டு எடுத்து வைப்பதுதான் தீர்வு. அதன் முதல் பக்கத்தில் இது ஏற்கப்பட்ட வடிவம் என்றும், அச்சான பின் அச்சுவடிவத்தின் அடையாள எண்ணையும் எழுதிவிடுங்கள். படிப்பவர் எதை மேற்கோள் காட்டுவது என்று தடுமாற மாட்டார்.

முனைவர் ஆய்வேட்டுக்கு இந்தக் கவலை குறைவு. 2009 யு.ஜி.சி. விதிமுறையிலிருந்தே மின்பிரதி கட்டாயம். பாரதியார் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’வில் சேர்கின்றன. வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ‘கிரிஷிகோஷ்’ இருக்கிறது. பட்டியலில் ஆய்வேட்டை ஒரே ஒருமுறை எழுதினால் போதும். அதிலிருந்து பிரிந்த கட்டுரைகளைத் தனித்தனியாக எழுதும்போது எந்த இயலிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் ஒரே முடிவை இரண்டு முறை எண்ணும் பழி வராது.

கடைசியாக முகவரி. ஜானகி அம்மாள் 1939-ல் எடின்பர்க் மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கி ஜான் இன்ஸ் நிலையத்தில் சேர்ந்தார். 1941 கட்டுரைக்கான வேலையின் களம் கோவை; வெளிவரும்போது ஆள் இங்கிலாந்தில். இன்று இப்படி நேர்ந்தால் வேலை நடந்த இடத்தை முதன்மை முகவரியாகவும், இப்போதிருக்கும் இடத்தைத் ‘தற்போதைய முகவரி’ என்று அடிக்குறிப்பாகவும் போடுவது மரபு. மின்னஞ்சலிலும் இதே கவனம் தேவை. பல்கலைக்கழகம் கொடுத்த மாணவர் முகவரி பட்டம் வாங்கியபின் நின்றுபோகலாம். கட்டுரையோ அதையே காலமெல்லாம் சுமக்கும். எப்போதும் உயிரோடிருக்கும் ஒரு சொந்த முகவரியையும் சேர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

இத்தனையும் ஒரு மாலை வேலை: பெயர் வடிவத்தை முடிவு செய்து, எண்ணைப் பதிந்து, உரையையும் வெளியீட்டையும் பிரித்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் பகிரக்கூடிய கோப்பு இருக்கிறதா என்று பார்த்தால் பட்டியல் தயார். முதல் கட்டுரை வரும்போதே செய்தால் ஒரு மாலை. இருபதாவது கட்டுரைக்குப் பின் தொடங்கினால் பல வாரங்கள்.

அடுத்த வாரம்: பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்களை அடையாளம் காண்பது எப்படி?