சான்றிதழ் உண்டா, சார்?

கருத்தரங்குத் தொடருக்கான போஸ்டர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. முதல் கேள்வி வந்துவிடும்: "சர்டிபிகேட் உண்டா, சார்?" யார் பேசுகிறார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகளாகத் தமிழ்க் கூட்டங்களுக்குப் போய்வரும் எனக்கு இந்தக் கேள்வி வருத்தம் தருகிறது. ஆனால் கேட்பவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பது போஸ்டரும் அதன்கீழே எழுதப்படும் நாலு வரியும்தான். பல்கலைக்கழகத் துறைகள் இந்த நாலு வரியைக் கேப்ஷன் என்கின்றன. அதை எழுதும் வேலை கடைசி நேரத்தில் ஓர் ஆய்வு மாணவர் தலையில் விழும்.

கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையை எடுத்துக்கொள்வோம். 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனம் இது. 1950களின் தொடக்கத்தில் வையாபுரிப் பிள்ளை இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பின்னால் வந்த வ. அய். சுப்பிரமணியம் நாகர்கோவில் வடசேரிக்காரர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்துத் திரும்பியவர். 1963-ல் மொழியியலுக்குத் தனித் துறை அமைந்ததும், 1971-ல் திராவிட மொழியியல் கழகம் உருவானதும் அவருடைய முயற்சியால். இப்படிப்பட்ட மரபுள்ள ஒரு துறை 'பொதுக் கருத்தரங்கு' என்று அறிவித்தால், வளாகத்து மாணவரோடு சாலைக் கடைத்தெரு வியாபாரியும் கரமனையில் ஓய்வுபெற்று இருக்கும் ஆசிரியரும் வந்து உட்கார வேண்டும். அவர்களை வரவழைப்பதும் வராமல் செய்வதும் அந்த நாலு வரியின் கையில் இருக்கிறது.

முதலில் இடம். 'பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடம்' என்று மட்டும் போட்டால் ஊர்க்காரர்கள் நேரே பாளையத்துக்குப் போவார்கள். பல்கலைக்கழக அலுவலகமும் செனட் ஹாலும் இருப்பது அங்கேதான். தமிழ்த் துறையோ ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தள்ளி, கழக்கூட்டம் போகும் வழியில், காரியவட்டம் வளாகத்தில் இருக்கிறது. அந்த வளாகத்துக்குள் நுழைந்த பிறகும் நடக்கக் கொஞ்ச தூரம் உண்டு. எந்த வாசல், எந்தக் கட்டிடம், கிழக்கேகோட்டையிலிருந்து எந்தப் பக்கம் போகும் பஸ் என்று ஒரு வரி எழுதினால் எழுபது வயதுக்காரர் துணையில்லாமல் வந்து சேர்வார்.

அடுத்தது தலைப்பு. 'சங்க இலக்கியமும் மொழியியலும்' என்று போட்டால் கேட்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. அந்தப் பெயரில் ஆயிரம் உரை நடக்கலாம். வ. அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவைப் பற்றிய உரை என்றே வைத்துக்கொள்வோம். 1962-ல் வெளியான நூல் அது. 'புறநானூற்றில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் என்ன தெரியும்?' என்று எழுதிப் பாருங்கள். மொழியியல் படிக்காதவருக்கும் 'போய்க் கேட்போமே' என்று தோன்றும். பேச்சாளர் பெயரோடு பட்டங்களை அடுக்குவதைவிட, இந்தப் பொருளில் அவர் என்ன வேலை செய்திருக்கிறார் என்பதை ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும். இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் முதல் ஒன்றரை வரிதான் விரிக்காமலே தெரியும். அந்த ஒன்றரை வரியைப் பல துறைகள் 'மாண்பமை துணைவேந்தர் அவர்களின் நல்லாசியுடன்' என்பதற்குக் கொடுத்துவிடுகின்றன. அங்கே இருக்க வேண்டியது தலைப்பும் கிழமையும் நேரமும்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விவரம் முழுவதையும் போஸ்டர் படத்துக்குள் எழுதிவிட்டு, கேப்ஷனில் 'அனைவரும் வருக' என்று விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. பார்வையற்ற மாணவரின் போன் படத்தில் இருக்கும் எழுத்தை ஒழுங்காக வாசித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. தமிழ் இலக்கியம் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் நம்மிடையே பலர் உண்டு. படத்தில் உள்ளதெல்லாம் எழுத்தாகவும் கீழே இருக்க வேண்டும்.

இனி சான்றிதழ். ஏன் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள்? கல்லூரி ஆசிரியர்களைப் பொறுத்தவரை பதவி உயர்வு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறையில் ஆய்வு மதிப்பெண்ணுக்கு ஓர் அட்டவணை உண்டு. உரையாற்ற அழைக்கப்பட்டவருக்கும் கட்டுரை வாசித்தவருக்கும் மாநில அல்லது பல்கலைக்கழக அளவில் 2 மதிப்பெண், தேசிய அளவில் 3, நம் நாட்டுக்குள் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கு என்றால் 5. அதுவும் வரம்பில்லாமல் சேராது. கொள்கை ஆவணங்களுக்கான மதிப்பெண்ணையும் இதையும் கூட்டினால் மொத்த ஆய்வு மதிப்பெண்ணில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உட்கார்ந்து கேட்டவருக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. 'பங்கேற்புச் சான்றிதழ்' அதில் ஒரு மதிப்பெண்கூடப் பெற்றுத் தராது. இதை அறியாமல் இளம் ஆசிரியர்கள் கோப்பு கோப்பாகச் சேர்த்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த அட்டவணையைப் பார்த்தால் வேறொன்றும் புரியும். யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒருவர் ஜூமில் அரை மணி நேரம் பேசினால் அந்தக் கூட்டம் 'பன்னாட்டு' ஆகிவிடுகிறது. 2-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சொல்லைப் போஸ்டரில் ஏற்றுகிறது.

மாணவர்களின் கணக்கு வேறு. திருவனந்தபுரத்தையே தலைமையிடமாகக் கொண்ட ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2019 பாடத்திட்டப்படி பி.டெக். பட்டத்துக்கு 100 செயல்பாட்டுப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். கருத்தரங்குகளும் அதில் ஒரு வகை. ஆனால் எங்கே நடந்தது, முழுநேர நிகழ்வா என்றெல்லாம் பார்ப்பார்கள். சனிக்கிழமை மாலை ஒன்றரை மணி நேர உரை தானாகக் கணக்கில் சேராது. தன் கல்லூரியில் கேட்டுக்கொண்டுதான் மாணவர் பதிவு செய்ய வேண்டும். ஆகவே கேப்ஷனில் 'சான்றிதழ் வழங்கப்படும்' என்ற இரண்டு சொல் போதாது. எந்த வகைச் சான்றிதழ், எத்தனை மணி நேரத்துக்கு, எத்தனை அமர்வுக்கு வந்தவருக்கு, எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்ற நான்கும் வேண்டும்.

இதெல்லாம் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஐந்து சனிக்கிழமை நடக்கும் ஒரு தொடருக்கு 340 பேர் பதிவு செய்கிறார்கள் என்று வையுங்கள். நான்கு அமர்வுக்கு வந்தவருக்குச் சான்றிதழ் என்பது நிபந்தனை. ஒவ்வொரு வாரமும் கூட்டம் முடியும் தறுவாயில் வருகைப் பதிவுக்கான கூகுள் ஃபார்ம் வருகிறது. ஒரு மாணவி முதல் வாரம் பெயரை 'S. Selvi' என்று எழுதுகிறார், அடுத்த வாரம் 'Selvi S' என்று, மூன்றாவது வாரம் தமிழில் 'செல்வி' என்று, நான்காவது வாரம் அண்ணனின் மின்னஞ்சலிலிருந்து. நான்கு வாரமும் வந்த ஒருவர் பட்டியலில் நான்கு ஆட்களாகத் தெரிகிறார். அந்த நால்வரில் ஒருவருக்கும் நான்கு வருகை இல்லை. சான்றிதழ் போகாது. திங்கட்கிழமை துறைக்குப் போன்மேல் போன்.

எனக்கே ஒருமுறை நடந்தது. ஒரு துறையின் தொடரை முழுக்க இருந்து கேட்டேன். வந்த சான்றிதழில் என் தலைப்பெழுத்து மாறியிருந்தது. திருத்தக் கேட்டபோது, ஃபார்மில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது என்றார்கள். பார்த்தால், அந்த ஃபார்மில் தலைப்பெழுத்துக்குத் தனிக் கட்டமே இல்லை. நாஞ்சில் நாட்டுப் பெயர்களில் ஊரும் தந்தையும் சேர்ந்து இரண்டு மூன்று எழுத்து முன்னால் நிற்கும். அவற்றை எங்கே எழுதுவது என்று ஃபார்ம் சொல்லாவிட்டால் ஆளுக்கொரு விதமாகத்தான் எழுதுவார்கள்.

இதற்கு மருந்து எளிமையானது. பதிவு செய்யும்போதே ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிட வேண்டும். பெயரை ஒரே ஒருமுறை, 'சான்றிதழில் எப்படி வர வேண்டுமோ அப்படி' என்று கேட்டு வாங்க வேண்டும். வாராவாரம் வரும் ஃபார்மில் அந்த எண்ணும், அன்றைய உரையிலிருந்து ஒரு சிறு கேள்வியும் போதும். கேள்வி எதற்கென்றால், ஃபார்ம் இணைப்பை நண்பருக்கு அனுப்பிவிட்டால் வராதவரும் வந்தவர் ஆகிவிடுகிறார். இரண்டு வார்த்தையில் பதில் எழுதச் சொன்னால் அது பெருமளவு குறைந்துவிடும்.

சான்றிதழ் தாமதமாவதற்கும் பெரும்பாலும் ஒரு சாதாரணக் காரணம் இருக்கிறது. பெயரைச் சேர்த்துத் தானாக அனுப்பும் நிரலைத் துறையில் யாரோ ஒருவர் தம் சொந்த ஜிமெயிலில் ஓட்டுகிறார். கூகுள் இலவசக் கணக்கில் அப்படிப்பட்ட நிரல் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அஞ்சல் அனுப்பும். நிறுவனக் கணக்கானால் 1,500. தகுதி பெற்றவர் 210 பேர் என்றால் சொந்தக் கணக்கில் மூன்று நாள் ஆகும். முதல் நாள் 100 பேருக்கு வந்ததும் மற்ற 110 பேரும் தங்களை விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். 'தொடர் முடிந்து பத்து நாளுக்குள்' என்று கேப்ஷனில் இருந்தால் யாரும் பதற மாட்டார்கள்.

இவ்வளவையும் மனத்தில் வைத்து, ஒரு துறைக்காக எழுதுவதுபோல் எழுதிப் பார்த்தேன்:

"புறநானூற்றில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று எண்ணினால் என்ன தெரியும்? சனிக்கிழமை மாலை 4 மணி. ஐந்து வாரத் தொடரின் முதல் உரை, தமிழில். இடம்: தமிழ்த் துறை, காரியவட்டம் வளாகம் (பாளையம் அல்ல). கிழக்கேகோட்டையிலிருந்து கழக்கூட்டம் பஸ். பேச்சாளர் சங்க இலக்கியச் சொல்லடைவுகளில் ஆய்வு செய்பவர். ஐந்தில் நான்கு உரைகளைக் கேட்டவர்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ், மொத்த நேரம் குறிப்பிட்டு, தொடர் முடிந்து பத்து நாளுக்குள் மின்னஞ்சலில். சான்றிதழ் வேண்டுபவர்கள் மட்டும் பதிவு செய்தால் போதும். மற்றவர்கள் பதிவில்லாமல் நேரே வரலாம்."

இதில் கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதினேன். பதிவு கட்டாயம், மின்னஞ்சல் கட்டாயம், கல்லூரிப் பெயர் கட்டாயம் என்று ஃபார்மில் சிவப்பு நட்சத்திரம் போட்டுவிட்டால், மின்னஞ்சலும் கல்லூரியும் இல்லாதவர் தன்னை அழைக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். சாலைத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். புறநானூற்றில் பாதியை மனப்பாடமாகச் சொல்வார். போன வருஷம் ஒரு தொடரின் போஸ்டரை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். "இது காலேஜ் பிள்ளைகளுக்கு உள்ளதாக்கும், தம்பி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். போஸ்டரின் தலையில் 'பொதுக் கருத்தரங்கு' என்று பெரிய எழுத்தில் இருந்தது.