பிளாட்டூன், பட்டாலியன், ரெஜிமென்ட்: ஒரு போர் வரியைப் படிப்பது எப்படி?

1962 சீனப் போரைப் பற்றி எந்த நூலைத் திறந்தாலும் இப்படி ஒரு வரி வரும்: 'நவம்பர் 18 அதிகாலையில் ரெசாங் லாவில் 13 குமாவோனின் சி கம்பெனி தாக்கப்பட்டது, 7, 8, 9 பிளாட்டூன்கள் கடைசிவரை போரிட்டன.' படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். எத்தனை பேர் போரிட்டார்கள்? 13 என்பது எதன் எண்? மூன்று பிளாட்டூன்தான் என்றால் ஏன் 1, 2, 3 என்று இல்லாமல் 7, 8, 9 என்று வருகிறது? இதற்கெல்லாம் விடை அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது.

நம் மொழிபெயர்ப்புகளில் பெரிய தொல்லை 'படைப்பிரிவு' என்ற சொல். முப்பது பேரும் படைப்பிரிவு, எண்ணூறு பேரும் படைப்பிரிவு, மூவாயிரம் பேரும் படைப்பிரிவு. 'ஒரு படைப்பிரிவு அழிந்தது' என்று எழுதினால் இழப்பு எவ்வளவு என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? அதனால் இங்கே ராணுவத்தில் புழங்கும் சொற்களையே எடுத்துக்கொள்கிறேன்.

கீழிருந்து வருவோம். பத்துப் பேர் கொண்டது ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் பிளாட்டூன், அதாவது முப்பது முதல் முப்பத்தைந்து பேர். தலைவர் வாயால் இட்ட கட்டளை எல்லார் காதிலும் விழக்கூடிய அளவு அது. ஒரு லெப்டினன்டோ ஜூனியர் கமிஷன்டு அதிகாரியோ அதை நடத்துவார். அன்றைய இந்திய ராணுவத்தில் பெரும்பாலும் ஜமேதார். இன்று அந்தப் பதவிக்கு நாயப் சுபேதார் என்று பெயர். மூன்று பிளாட்டூன் சேர்ந்தது கம்பெனி, சுமார் 120 பேர், தலைவர் மேஜர். நான்கு கம்பெனிகளும், மோர்ட்டார், தகவல்தொடர்பு, தளவாடம் பார்ப்பவர்களும் சேர்ந்தது பட்டாலியன். ஏறத்தாழ 800 பேர், அன்று தலைவர் லெப்டினன்ட் கர்னல்.

எண்களின் கணக்கும் இங்கேதான் இருக்கிறது. பிளாட்டூன்களுக்கு எண் போடுவது பட்டாலியன் முழுவதற்கும் தொடர்ச்சியாக. ஏ கம்பெனிக்கு 1 முதல் 3, பி கம்பெனிக்கு 4 முதல் 6, சி கம்பெனிக்கு 7 முதல் 9, டி கம்பெனிக்கு 10 முதல் 12. ஆகவே '8 பிளாட்டூன்' என்று படித்த உடனே அது சி கம்பெனியின் நடு பிளாட்டூன் என்று சொல்லிவிடலாம்.

இனி அந்த மலைக்குப் போவோம். லடாக்கில் சுஷூல் பகுதியைக் காக்கும் பொறுப்பு 114வது பிரிகேடுக்கு. அதன் கீழ் இருந்த பட்டாலியன்களில் ஒன்று 13 குமாவோன். அதன் மற்ற கம்பெனிகள் வேறு குன்றுகளில் இருக்க, 16,000 அடிக்கும் மேல் உள்ள ரெசாங் லா கணவாய் மேஜர் ஷைத்தான் சிங்கின் சி கம்பெனிக்கு வந்தது. மூன்று பிளாட்டூன்களும் ஒன்றையொன்று எளிதில் எட்ட முடியாதபடி மலைமுகட்டில் விலகி விலகி நின்றன. கையில் இருந்தவை ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடும் பழைய .303 ரைபிள்களும் சில இலகு இயந்திரத் துப்பாக்கிகளும் மோர்ட்டார்களும்தான். இடையில் ஒரு மலை மறித்ததால் நம் பீரங்கிகளால் அவர்களுக்கு உதவ முடியவில்லை.

இந்த நிலையில் பிளாட்டூன் என்பது வெறும் அமைப்புப் பெயர் இல்லை. முப்பது பேர் தாங்களே முடிவெடுத்துத் தாங்களே சாக வேண்டிய தனித்தீவு அது. குண்டு மழைக்கு நடுவே ஷைத்தான் சிங் ஒரு பிளாட்டூன் நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தார் என்று அவருடைய பரம்வீர் சக்ர விருதுக் குறிப்பு சொல்கிறது. பிளாட்டூன் எவ்வளவு சிறியது, எவ்வளவு தள்ளி நின்றது என்று தெரிந்த பிறகு படித்தால்தான் அந்த நடையின் பொருள் விளங்கும். காயம்பட்ட அவரைத் தூக்கிவர வீரர்கள் முயன்றார்கள். தன்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஏறக்குறைய 120 பேரில் 114 பேர் அங்கேயே இறந்தார்கள். சில மாதங்கள் கழித்து, பனிக்குள் உறைந்த உடல்களைக் கண்டபோது பலர் கையில் இன்னும் ஆயுதம் இருந்தது.

அழிந்தது ஒரு கம்பெனி. பட்டாலியனில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. 'குமாவோன் ரெஜிமென்ட் அழிந்தது' என்று எழுதினால் அது பெரும் பிழை. ஏன் என்று பார்க்க வேண்டுமானால், மூன்றாவது சொல்லுக்கு வர வேண்டும். மிகுந்த குழப்பம் தருவதும் அதுதான்.

இந்தியக் காலாட்படையில் ரெஜிமென்ட் சண்டைக்குப் போவதில்லை. சண்டைக்குப் போவது பட்டாலியன். ரெஜிமென்ட் என்பது குலம் போல: ஆள் சேர்ப்பது, பயிற்சி தருவது, கொடி, சின்னம், போர்முழக்கம், பழைய பெருமைகள் எல்லாம் அதற்குரியவை. குமாவோன் ரெஜிமென்டின் தாய்வீடு ராணிகேத். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நம் நீலகிரியில் உள்ள வெலிங்டன். '13 குமாவோன்' என்றால் குமாவோன் ரெஜிமென்டின் 13வது பட்டாலியன். '1/8 கூர்க்கா' என்று கோடு போட்டு எழுதியிருந்தால் 8வது கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியன். கோட்டுக்கு முன்னே பட்டாலியன், பின்னே ரெஜிமென்ட். ஒரே ரெஜிமென்டின் பட்டாலியன்கள் சேர்ந்து நிற்பது அரிது. அதே நவம்பரில் 6 குமாவோன் நாட்டின் கிழக்குக் கோடியில் வாலாங்கில் போரிட்டுக்கொண்டிருந்தது. சுஷூலில் 13 குமாவோனுக்குப் பக்கத்தில் நின்றது 1/8 கூர்க்கா. குலம் வேறாக இருக்கலாம், களத்தில் பக்கத்து ஆள் யார் என்பதை பிரிகேட் தீர்மானிக்கும்.

அமெரிக்கா, ஜெர்மனி, ரஷ்யா பற்றிய நூலை எடுத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். 1944 ஜூன் 6 அன்று ஒமாஹா கடற்கரையில் இறங்கிய அமெரிக்காவின் 116வது காலாட்படை ரெஜிமென்ட் உண்மையிலேயே ஒன்றாகப் போரிட்ட படை: மூன்று பட்டாலியன், சுமார் 3,000 பேர், மேலே ஒரு கர்னல். அங்கே ரெஜிமென்ட் இருக்கும் இடத்தில் நம் ராணுவத்தில் பிரிகேட் இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. நம் டாங்குப் படையிலும் பீரங்கிப் படையிலும் ரெஜிமென்ட் என்றால் பட்டாலியன் அளவுதான். ஒரு டாங்கு ரெஜிமென்டில் ஏறக்குறைய 45 டாங்குகள்.

எனவே 'ரெஜிமென்ட்' என்று கண்டால் எந்த நாடு, எந்த வகைப் படை என்று முதலில் பாருங்கள். அப்போதும் ஐயம் இருந்தால் தலைவரின் பதவியைத் தேடுங்கள். மேஜர் என்றால் பெரும்பாலும் கம்பெனி, லெப்டினன்ட் கர்னல் என்றால் பட்டாலியன். மொழிபெயர்ப்பு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பதவிப் பெயர் அநேகமாகத் தப்பிவிடும். எண்ணிக்கையைக் கொஞ்சம் தளர்த்தியே பிடியுங்கள்: நோயும் விடுப்பும் முந்தைய இழப்பும் சேர்ந்து களத்தில் நிற்கும் ஆட்களை ஏட்டில் உள்ளதைவிடக் குறைத்துவிடும்.

இந்தச் சொற்கள் நமக்கு அவ்வளவு அந்நியமும் அல்ல. ஊரில் 'பட்டாளத்துக்காரர்' என்கிறோமே, அந்தப் பட்டாளம் பட்டாலியனின் உறவுச்சொல்.

ரெசாங் லாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஹரியானாவின் அஹீர்கள். தலைவரோ ஜோத்பூர்ப் பக்கத்து ராஜபுத்திரர். அவர்களைச் சேர்த்து வைத்தது, மலைநாட்டுப் பெயர் தாங்கிய ஒரு ரெஜிமென்ட். 'ரெசாங் லா' என்ற போர்ப்பெருமை 13வது பட்டாலியனுக்கு வழங்கப்பட்டது. சி கம்பெனிக்கு இன்று ரெசாங் லா கம்பெனி என்று பெயர்.